ரகசியம் காப்பேன் என்று சொல்லிவிட்டு உடைக்க வேண்டி வந்தது. இனி அவர் வீட்டுக்குப் போகலாமா, காத்திருக்கலாமா?

கரையோர_டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். 60 வயதில் ஓய்வு. அதற்கடுத்த வருஷம் தொலைநிலைக் கல்வியில் ஆலோசனை உளவியல் டிப்ளமோ சேர்ந்தேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை விடியற்காலை பஸ் பிடித்து மதுரைக்கு நேர்முக வகுப்புக்குப் போவேன். தேறிவிட்டேன். இப்போது எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் மாலை 3 மணியிலிருந்து 5 மணி வரை சம்பளமில்லாமல் உட்காருகிறேன். வெள்ளி ஜும்மா, ஞாயிறு பூசை. எங்கள் ஊரில் மூன்று மதத்தாரும் இருப்பதால் இந்த இரண்டு நாளை எடுத்துக்கொண்டேன்.

கேட்க வந்தது ஒரு பெண்ணைப் பற்றி. சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். அவருடைய வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஆளும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இரண்டு பிள்ளைகள். வீட்டுப் பெரியவர்கள் சடங்கை முடித்துவிடலாம் என்கிறார்கள். அவர் சம்மதிக்கவில்லை.

முதல் தடவை வந்தபோது நான் செய்தது இதுதான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகள் படிப்பு, தையல் மெஷினுக்கு எங்கே விண்ணப்பிப்பது, காலையில் எழுந்ததும் என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சரி டீச்சர்" என்றார். போய்விட்டார். மூன்று வாரம் வரவில்லை.

மதுரையில் எனக்குப் பாடம் எடுத்த ஒரு மூத்த ஆலோசகர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போனில் பேசி என் வேலையைச் சரிபார்க்கிறார். நடந்ததைச் சொல்லுக்குச் சொல் ஞாபகத்திலிருந்து எழுதி, அதைப் படித்துக் காட்டச் சொன்னார். எழுதிப் பார்த்தபோது நாற்பது நிமிஷத்தில் நான் கேட்ட கேள்வி மட்டும் இருபத்திரண்டு. அந்தப் பெண் பேசியது மொத்தமாகச் சேர்த்தால் ஒரு பக்கம் வராது. "சரி டீச்சர்" என்பது எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளை சொல்வது. அவர் நிஜமாகவே என்னிடம் படித்தவர்தான்.

அப்புறம் மேசையை எடுத்துவிட்டேன். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை நேருக்கு நேராகப் போடாமல் கொஞ்சம் சாய்த்துப் போட்டேன், அவர் வேண்டுமென்றால் ஜன்னலைப் பார்க்கலாம். திரும்பி வந்த அன்று "அவரப் பத்திச் சொல்லும்மா" என்று மட்டும் கேட்டேன். அன்றைக்கு அவர் நிறுத்தாமல் பேசினார்.

ஆறாவது சந்திப்பில் ஒரு வார்த்தை சொன்னார். [இந்த இடத்தில் இருந்த இரண்டு வரிகளை நீக்கியிருக்கிறேன். காரணம் இழையின் கடைசியில்.] எனக்கு அடிவயிறு கலங்கியது. நேராகவே கேட்டேன்: "உசுர விட்டுடலாம்னு தோணுதாம்மா?" தோணுது என்றார். எப்போது, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்றும் கேட்டேன். யோசித்து வைத்திருந்தார்.

அன்று அவரைத் தனியாக அனுப்பவில்லை. அவருடைய தங்கச்சிக்குச் சொல்லப் போகிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே போன் செய்தேன். மறுநாள் மூவரும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தங்கச்சி இப்போது அவர் வீட்டில்தான் படுக்கிறாள்.

இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்: இங்கே பேசுவது வெளியே போகாது, ஆனால் உயிருக்கு ஆபத்து என்றாலோ குழந்தைக்குப் பாலியல் துன்பம் என்றாலோ நான் ஒருவரிடம் சொல்லியாக வேண்டும் என்று. படித்தது நினைவிருந்தது. முதல் நாள் அறிவுரை சொல்லும் அவசரத்தில் "யாருக்கும் சொல்ல மாட்டேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டேன். போன் செய்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "நீங்களும் இப்படித்தானா டீச்சர்" என்றார்.

இரண்டு வாரமாக வரவில்லை. மாத்திரை சாப்பிடுகிறார், பத்திரமாக இருக்கிறார் என்று தங்கச்சி சொல்கிறாள். நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா?

தொண்டிப்பக்கம்

டீச்சர், என் பையனுக்கும் இந்த வருஷம் கவுன்சிலிங். கட்-ஆஃப் 162. மெக்கானிக்கல் கிடைக்குமா? மதுரைக்குள்ளேயே கல்லூரி கிடைத்தால் நல்லது. உங்கள் சமுதாயக் கூடத்துக்கு மார்க் ஷீட்டோடு வரலாமா?

கரையோர_டீச்சர்

தம்பி, இது இன்ஜினியரிங் கலந்தாய்வு இல்லை, மனக்கஷ்டத்தைப் பேச வருகிற இடம். உங்கள்மேல் தப்பில்லை. முதல் மாதம் கூடத்து வாசலில் "கவுன்சிலிங் மையம்" என்றுதான் போர்டு வைத்தோம். வந்த ஒன்பது பேரில் ஆறு பேர் கையில் மார்க் ஷீட் இருந்தது, ஒரு வாத்தியார் பணிமாறுதல் பற்றிக் கேட்க வந்தார். போர்டை எடுத்துவிட்டு "மனசு விட்டுப் பேசலாம்" என்று எழுதினால் உள்ளே நுழைவதை ஊரே பார்க்கிறது, யாரும் வரவில்லை. இப்போது போர்டே இல்லை. அதே கூடத்தில் பக்கத்து அறையில் மகளிர் குழுக் கூட்டம் நடக்கிறது, யார் எதற்கு வந்தார்கள் என்று தெரியாது. பையன் விஷயத்துக்கு அவன் படித்த பள்ளியின் தலைமையாசிரியரைப் பாருங்கள், அவர்களுக்குத்தான் இந்த வருஷ நிலவரம் தெரியும்.

சட்டம்_பேசுவோம்

நீங்கள் தங்கச்சியிடம் சொன்னது சரிதான், உயிர் பெரிது. ஆனால் போலீசுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். தற்கொலை முயற்சி குற்றம், பிரிவு 309. தெரிந்தும் மறைத்தால் நாளைக்கு உங்கள் மேலேயே வரும்.

இன்னொன்று. கடலில் காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழு வருஷம் ஆகும். பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு அது. அதுவரை அந்தப் பெண்ணுக்கு ஒரு கையெழுத்தும் செல்லாது, ஒரு ரூபாயும் வராது. ஆகவே சீக்கிரம் சடங்கை முடித்துக்கொண்டு அடுத்ததைப் பார்க்கச் சொல்வதுதான் அவருக்கு நல்லது.

மாடிப்படி

நான் மனநலச் சமூகப் பணியாளர், பதினெட்டு வருஷமாக இந்த வேலை. மூன்று விஷயம் சொல்ல வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சட்டம்_பேசுவோம் சொன்னதற்கு. அந்தப் பெண் முயற்சி எதுவும் செய்யவில்லை, எண்ணம் இருக்கிறது என்று சொன்னார். எண்ணம் எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. முயற்சியே செய்திருந்தாலும், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, அவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் முதலில் கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309 இல்லவே இல்லை. ஓர் அரசு ஊழியரைப் பணிய வைப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும்தான் அதில் குற்றம். போலீஸ் வரும் என்ற பயத்தினாலேயே எங்கள் பக்கம் எத்தனையோ பேர் வாய் திறப்பதில்லை. தயவுசெய்து அதைப் பரப்பாதீர்கள்.

ஏழு வருஷக் கணக்கு சரி, புதிய சாட்சியச் சட்டத்திலும் அதேதான். ஆனால் "ஒரு ரூபாயும் வராது" என்பது சரியில்லை. ஏழு வருஷம் என்பது நீதிமன்றத்தில் இறந்தவராகக் கொள்வதற்கான கணக்கு. 2017-இல் ஒக்கிப் புயலில் காணாமல் போன மீனவர்களின் குடும்பங்களை அரசு அவ்வளவு காலம் காத்திருக்க வைக்காமல்தான் நிவாரணம் கொடுத்தது. மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்க வேண்டிய விஷயம் இது. சடங்கு முடிந்ததா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது, டீச்சர், உங்களுக்கு. நீங்கள் நேராகக் கேட்டது மிகச் சரி. கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயந்து பலபேர் "தப்பா எதுவும் நினைக்கலையே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, "இல்லை" என்று. கேட்டவருக்கு நிம்மதி, கேட்கப்பட்டவர் தனியாகிவிடுவார். எண்ணம் உண்டா, திட்டம் உண்டா, அதற்கான பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, இன்றிரவு கூட யார் இருப்பார்கள் என்ற வரிசையில்தான் நீங்கள் போயிருக்கிறீர்கள். அந்தப் பொருளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தியாகிவிட்டதா? நீங்கள் அதைச் சொல்லவில்லை.

மூன்றாவது கசப்பானது. இந்த இழையை அவருடைய சித்தப்பா பையன் படிக்கலாம். நீங்கள் விவரத்தை மாற்றியிருந்தாலும், நம் கடற்கரையில் ஆள் திரும்பாத வீடு எத்தனை என்று விரல் விட்டு எண்ணிவிடுவார்கள். படகைப் பற்றியும் மாதத்தைப் பற்றியும் எழுதியிருந்ததை உடனே எடுத்துவிடுங்கள். வழக்கை வெளியே பேச உங்களுக்கு இருக்கிற இடம் அந்த மதுரை ஆலோசகர்தான்.

கரையோர_டீச்சர்

எடுத்துவிட்டேன். படகு, மாதம், பிள்ளைகளின் வயது மூன்றும் போய்விட்டன. பாக் நீரிணைப் பக்கமா மன்னார் வளைகுடாப் பக்கமா என்பதையும் அழித்துவிட்டேன். நீங்கள் சொன்னது வலிக்கிறது, ஆனால் சரி.

பொருளைத் தங்கச்சி அன்று இரவே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தினசரி நாட்காட்டித் தாளின் பின்பக்கம் நாங்கள் நாலு வரி எழுதினோம், அவர் சொல்லச் சொல்ல அவர் வார்த்தையிலேயே. மனசு கெட்டுப்போகிறது என்று எதை வைத்துத் தெரியும், அப்போது முதலில் என்ன செய்வேன், யாரிடம் போவேன், கடைசியாக எந்த நம்பர். கடைசி வரியில் 14416 எழுதினேன். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். முதல் வரிக்கு அவர் சொன்னது, "சோத்தப் பார்த்தா வாடை அடிக்கும்". நானாக எழுதியிருந்தால் "பசியின்மை" என்று எழுதியிருப்பேன்.

பாசிவீட்டுப்_பொண்ணு

நான் பதில் சொல்ல வரவில்லை டீச்சர், எங்க வீட்டுக் கதையைச் சொல்ல வந்தேன். எனக்கு ஒன்பது வயசில் அப்பா போனார். கச்சான் காத்து அடிக்கிற சமயம். அம்மா கடல்பாசி எடுக்கிறவள். நாற்பத்தொண்ணாம் நாள் ஊரில் சடங்கு செய்ய ஏற்பாடு பண்ணினார்கள், அம்மா அன்றைக்கு விடிய முன்னாடியே பாசிக்குப் போய்விட்டாள், சாயங்காலம்தான் வந்தாள். அப்புறம் மூன்று வருஷம் ராத்திரி சோறு ஒரு தட்டில் எடுத்து மூடி வைப்பாள். வாசக் கதவைத் தாழ் போட மாட்டாள். காலையில் அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றி எங்களுக்குத்தான் தருவாள், வீணாக்கினதில்லை.

எல்லாரும் அம்மாவுக்குப் பைத்தியம் என்றார்கள். ஏர்வாடிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். 2001-இல் அங்கே தீயில் சங்கிலியோடு கருகினவர்களை நினைத்து எங்க பாட்டி மட்டும் விடமாட்டேன் என்று நின்றாள்.

அம்மா ஒருநாள் திடீரென்று வலையை விற்றாள். சங்கு வளையல் மாதிரி பத்திரமாக வைத்திருந்த வலை. ஆனால் கதவைத் தாழ் போடவில்லை. இன்றைக்கும் போடுவதில்லை. அம்மாவுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது, நன்றாக இருக்கிறாள். அவள் என்ன நினைத்து ஒன்றை விட்டாள், ஒன்றை வைத்துக்கொண்டாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மாடிப்படி

உங்கள் அம்மா செய்ததைத்தான் நாங்கள் அந்த அறையில் மெதுவாகச் செய்ய முயல்கிறோம். முடிவு தெரியாத இழப்பு என்பது சாவுத் துக்கம் மாதிரி இல்லை. சாவில் ஓர் இடத்தில் அழுது முடிப்பதற்கு உடல் இருக்கிறது, சடங்கு இருக்கிறது. இதில் "போய்ட்டார்" என்று ஒப்புக்கொண்டால் நானே கொன்ற மாதிரி, "வருவார்" என்று இருந்தால் ஊர் பைத்தியம் என்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவரை நெருக்குவதுதான் பெரிய கொடுமை. "வராமலும் போகலாம், வரவும் செய்யலாம், இன்றைக்கு உலை வைக்கணும்" என்று மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொள்ள இடம் கொடுத்தால் அவரே எதை விற்பது, எதைத் திறந்து வைப்பது என்று கண்டுபிடிப்பார். அதற்கு மாதங்கள் ஆகும்.

இது சாதாரணத் துயரமா, மருந்து வேண்டிய நோயா என்று டீச்சர் முடிவு செய்யக் கூடாது. தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரை விடும் எண்ணம் என்று வந்தால் மருத்துவரிடம் அனுப்புவது வரைதான் அவருடைய டிப்ளமோவின் எல்லை. அதை அவர் தாண்டவில்லை என்பதைக் கவனித்தேன்.

கரைவலை

நான் படித்தவன் இல்லை, கடல் தொழில். டீச்சர், நீங்க போங்க. நம்ம ஊர்ல ஒருத்தி வீட்டுல கஷ்டம்னு தெரிஞ்சு எட்டிப் பார்க்கலேன்னா அதுதான் பெரிய குத்தம். இரண்டு வாரமா நீங்க வரலைன்னு அவ நினைச்சுக்கிட்டிருப்பா. ரூல்ஸ் எல்லாம் டவுனுக்கு.

மாடிப்படி

கரைவலை சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனாலும் நான் போக வேண்டாம் என்கிறேன். டீச்சர் தெருவில் நுழைந்தால் எதிர்வீடு வரை தெரிந்துவிடும். அவர் வீட்டுப் பெரியவர்கள் டீச்சரை உட்கார வைத்து "நீங்களாவது அவளுக்குப் புத்தி சொல்லுங்க, சடங்கு வைக்கணும்" என்பார்கள். அவர் முன்னால் டீச்சர் அந்தப் பக்கத்து ஆளாகிவிடுவார். வருவதா வேண்டாமா என்கிற முடிவு ஒன்றுதான் இப்போது அவர் கையில் இருக்கிறது. அதையும் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெள்ளைப்புடவை_செவிலி

நடுவில் ஒரு வழி இருக்கிறதே. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க வீடு வீடாகப் போகிற தன்னார்வலர் எல்லாத் தெருவிலும் நுழைவார், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். [மேற்கோள் நீக்கப்பட்டது] என்று அந்தப் பெண் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டு வாரம் சும்மா இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தத் தன்னார்வலரிடம் ஒரு வரி சொல்லி அனுப்பலாம்.

மாடிப்படி

அப்படியென்றால் அந்தத் தன்னார்வலருக்கும் விஷயம் தெரியும். ஊருக்குள் தெரிந்தவர் எண்ணிக்கை மூன்றாகிறது. பயம் எனக்கும் இருக்கிறது, அதனால் தங்கச்சி வழியாகத் தினமும் நிலைமையைக் கேளுங்கள், மருத்துவமனை சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போனாரா என்று பாருங்கள். சொல்லி அனுப்புவதென்றால் தங்கச்சியிடமே ஒரே ஒரு வரி: "செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு அந்த நாற்காலி காலியாத்தான் இருக்கும்." அதற்கு மேல் வேண்டாம். "கோபமா" என்று கேட்டு அனுப்பாதீர்கள், அது நம் மன நிம்மதிக்காகக் கேட்பது.

கீழக்கரை_அக்கா

நடுவில் ஒரு கேள்வி. என் தங்கை இதே மாதிரி தொலைநிலையில் சேர வேண்டும் என்கிறாள். எங்கே சேரலாம்?

மாடிப்படி

இப்போது சேரச் சொல்லாதீர்கள். உளவியல் உள்ளிட்ட மருத்துவம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்துவதை 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யுஜிசி நிறுத்தச் சொல்லிவிட்டது. யாராவது அட்மிஷன் என்று பணம் கேட்டால் அந்தப் படிப்புக்கு இப்போது அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். நேரடிப் படிப்பில் சேரும்போதும், கூட ஒருவர் உட்கார்ந்து திருத்துகிற பயிற்சி எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். டீச்சரைக் காப்பாற்றியது அந்தப் பதினைந்து நாள் போன்தான்.

கரைவலை

நாற்காலி காலியா இருக்கும்னு சொல்லி அனுப்புறது எனக்கு இன்னும் மனசுக்கு ஒப்பல. ஆனா நீங்க பார்த்தவங்க, நான் பார்த்தவன் இல்ல.

கரையோர_டீச்சர் (பத்தொன்பது நாள் கழித்து)

தங்கச்சியிடம் அந்த ஒரு வரியைச் சொல்லி அனுப்பினேன். முதல் செவ்வாய் வரவில்லை. நான் 5 மணி வரை உட்கார்ந்திருந்தேன். வியாழன் வரவில்லை. அடுத்த செவ்வாய் மூன்றேகாலுக்கு வந்தார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர்தான் கேட்டார்: "இன்னைக்கு நான் பேசுறத யார் யாருகிட்ட சொல்லுவீங்க டீச்சர்? அத முதல்ல சொல்லுங்க."

முதல் நாள் சொல்லாததை அன்று சொன்னேன். எந்தெந்த விஷயம் என்றால் சொல்வேன், அப்போதும் அவருக்குத் தெரியாமல் சொல்ல மாட்டேன் என்று. அவர் இத்தோடு விடவில்லை. "இதுவரைக்கும் யாருகிட்ட சொன்னீங்க?" என்றார். தங்கச்சி, மருத்துவர், மதுரை ஆலோசகர். அப்புறம் இந்த இழை. மறைக்க முடியவில்லை. போனை எடுத்து முதல் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

ரொம்ப நேரம் பேசவே இல்லை. பக்கத்து அறையில் குழுக்காரர்கள் சீட்டுப் பணம் எண்ணுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அவர் அன்று சொன்ன அந்த வார்த்தையை மட்டும் எடுக்கச் சொன்னார். "அது அவருக்கும் எனக்கும் உள்ள பேச்சு டீச்சர்." அதனால்தான் மேலே அந்த இரண்டு வரி இல்லை, செவிலி அம்மாவின் பதிவில் இருந்த மேற்கோளையும் நிர்வாகியிடம் கேட்டு எடுக்க வைத்தேன்.

சடங்கு பற்றி அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. வீட்டில் நெருக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாசிவீட்டுப்_பொண்ணு எழுதியதையும், நீங்கள் சம்மதிப்பீர்கள் என்ற தைரியத்தில், வாசித்துக் காட்டினேன். கதவைத் தாழ் போடாத இடம் வந்ததும் "இன்னொரு தடவ வாசிங்க" என்றார்.